புளி கேட்டால் புலி வருகிறதா? ர, ற, ல, ள, ழ ஒலிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தமிழ் கற்றுக்கொள்கிற ஒருவர் 'பழம்' என்று சொல்ல முயன்று தோற்கும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் தரும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "நாக்கை மடிங்க, இன்னும் நல்லா மடிங்க." அவரும் மடிக்கிறார். பளம், பலம், படம், பயம் என்று என்னென்னவோ வருகிறது, பழம் மட்டும் வருவதில்லை. இந்த நான்கும் நான்கு வேறு வேறு பிழைகள். ஒன்றுக்குச் சொல்லும் மருந்து இன்னொன்றுக்குக் கெடுதல். 'பளம்' என்கிறவருடைய நாக்கு ஏற்கெனவே நன்றாக மடிந்துதான் இருக்கிறது. அவரை இன்னும் மடிக்கச் சொன்னால் என்ன ஆகும்?

அதனால் கீழே அறிகுறிப்படி பிரித்துத் தருகிறேன். கற்றுக்கொள்பவராக இருந்தாலும் சரி, வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருந்தாலும் சரி, உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை யாரும் தாண்ட வேண்டாம்.

பிழை காதிலா, நாக்கிலா?

என்னிடம் தமிழ் படிக்க வந்த ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். லக்னோக்காரர், சென்னையில் வேலை. பேச்சு வேகமாக வந்துவிட்டது. ஆனால் பல்லாவரமும் பள்ளிக்கரணையும் அவர் வாயில் ஒரே மாதிரிதான் தொடங்கும். மளிகைக் கடையில் "கால் கிலோ புலி" கேட்பார். கடைக்காரர் சிரிக்காமல் புளியை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். புலியைக் கிலோ கணக்கில் யாரும் விற்பதில்லை என்பதால் பிழை அங்கே வெளியே தெரியாது. மாட்டிக்கொண்டது ஆட்டோ ஏறும்போது. "அண்ணா, எனக்கு வலி தெரியும்" என்றார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது, ஆஸ்பத்திரி போகணுமா?" என்று கேட்டார்.

அவரிடம் முதலில் சோதித்தது நாக்கை இல்லை, காதை. 20 சீட்டுகள். பத்தில் 'புலி', பத்தில் 'புளி'. கலைத்துப் போட்டு, நான் வாயை ஒரு புத்தகத்தால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அவர் விலங்கா, சமையல் சாமானா என்று மட்டும் சொல்ல வேண்டும். வாயை மறைப்பது முக்கியம், இல்லாவிட்டால் உதட்டையும் தாடையையும் பார்த்து ஊகித்துவிடுவார்கள். 20-க்கு 10 சரி என்றால் அது குருட்டாம்போக்கு. 12, 13 என்றாலும் நம்ப முடியாது. 17-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால்தான் காது பிரித்துக் கேட்கிறது என்று பொருள். அவருக்கு வந்தது 11.

காது பிரித்துக் கேட்காதவரை நாக்குப் பயிற்சி வீண். தான் சொன்னது சரியா தவறா என்று அவருக்கே தெரியாதே! ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தலையாட்ட வேண்டியிருக்கும்.

எங்கே கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தி, வங்காளம் போன்ற மொழிகளிலிருந்து வருகிறவர்கள் 'புளி'யில் 'ளி' வரும் இடத்தை உற்றுக் கேட்பார்கள். அந்த ஒலி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் உள்ள உயிரைக் கேட்கச் சொல்லுங்கள். நாக்கு மடியத் தொடங்குவது ள, ழ வருவதற்கு முன்பே, அதாவது 'பு' சொல்லிக்கொண்டிருக்கும்போதே. அதனால் அந்த உகரமே கொஞ்சம் கனத்து, இருண்டு ஒலிக்கும். 'புலி'யில் அது கடைசிவரை தெளிவாக இருக்கும்.

இந்தக் கனம் எவ்வளவு என்பதற்கு நம் பேச்சு வழக்கே சாட்சி. பிள்ளை 'புள்ள' ஆகிறது, பெண் 'பொண்ணு' ஆகிறது, மிளகாய் 'மொளகா', பிழைப்பு 'பொழப்பு', பெட்டி 'பொட்டி'. நாக்கு மடிந்து வரும் ஒலிகள் முன்னால் நிற்கும் இகரத்தையும் எகரத்தையும் உருமாற்றிவிடுகின்றன. ஆனால் வில் 'வில்லு'தான், மெல்ல 'மெல்ல'தான், மின்னல் 'மின்னல்'தான். லகரத்துக்கு அந்த வலு இல்லை.

லக்னோக்காரரிடம் இதைச் சொல்லி, 'புலி', 'புளி' இரண்டையும் பாதியில் வெட்டி, 'புல்…', 'புள்…' என்று மட்டும் சொல்லிக் காட்டினேன். அந்த வகுப்பிலேயே 15 வந்தது. அப்புறம் வேறு குரல்களில் கேட்டுப் பழக வேண்டும். ஒருவர் குரலில் மட்டும் தேறினால், அவரை அடையாளம் கண்டுகொண்டார் என்றுதான் பொருள், ஒலியை இல்லை.

ஒரு எச்சரிக்கை. சீட்டைப் படிப்பவர் அந்த ஒலிகளை உண்மையிலேயே பிரித்துச் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். தென் மாவட்டங்களில் பலர் பழத்தைப் 'பளம்' என்பார்கள், ஈழத்துப் பேச்சிலும் அது உண்டு. சென்னைப் பக்கத்தில் 'வாயப்பயம்' கேட்கலாம். அது அவர்கள் ஊர்ப் பேச்சு, குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் படித்து ள, ழ சோதனை நடத்தினால் விடை என்று ஒன்றே இருக்காது. கேட்பவரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

கையில் வைத்துக்கொள்ள இரண்டு சோதனைகள்

முதலாவது, மூச்சுச் சோதனை. 'அல்' என்று சொல்லி, நாக்கை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குரலை நிறுத்திவிட்டு, வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுங்கள். நாக்கின் இரண்டு ஓரத்திலும், அல்லது ஒரு ஓரத்தில், சில்லென்று இருக்கும். நாக்கின் நுனி நடுவழியை அடைத்திருப்பதால் காற்று பக்கவாட்டில் போகிறது. 'அள்' சொல்லிச் செய்தாலும் ஓரம்தான் குளிரும், கொஞ்சம் பின்தள்ளி. 'அழ்' சொல்லிச் செய்தால் ஓரத்தில் குளிராது, நடுவில் குளிரும். அங்கே நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களில் படிந்திருக்கும், நடுவழி திறந்திருக்கும். லகர ளகரங்களையும் ழகரத்தையும் பிரிக்கும் கோடு இதுதான். எவ்வளவு மடிக்கிறோம் என்பது அதற்கப்புறம் வரும் கணக்கு.

இரண்டாவது, நீட்டல் சோதனை. ல், ள், ழ் மூன்றையும் மூச்சு இருக்கும்வரை ஒரே ஒலியாக நீட்டலாம். ர் அப்படி நீளாது, ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடும். ஒருவருடைய ழகரம் நீளவில்லை என்றால் அது ழகரமே இல்லை.

தொல்காப்பியம் இந்த ஒலிகளின் பிறப்பைச் சொல்லும்போது ஒற்றுதல், வருடுதல் என்று இரண்டு வினைகளைப் பிரித்துச் சொல்கிறது. 'நுனிநா அணரி அண்ணம் வருட' ரகாரமும் ழகாரமும் பிறக்கும் என்கிறது. அணர்தல் என்றால் மேல்நோக்கி வளைதல். வளைந்த நுனி மேலண்ணத்தில் அழுந்தி உட்காராமல் வருடிப் போகிறது. பாடம் நடத்தும்போது 'மடி' என்பதைவிட 'வருடு' என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

அறிகுறி: ள வரவேண்டிய இடத்தில் ல வருகிறது

புளி 'புலி', பள்ளி 'பல்லி', வெள்ளம் 'வெல்லம்'. இந்தி, வங்காளம், ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அதிகம். மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களுக்கு ளகரம் ஏற்கெனவே உண்டு, அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நேரடியாக ளகரத்தைச் சொல்லவைக்க முயல வேண்டாம். அவர்களால் ஏற்கெனவே சொல்ல முடிகிற டகரத்திலிருந்து போங்கள். இந்திக்காரருக்கு 'வண்டி', 'அட்டை' எல்லாம் சிரமமே இல்லாமல் வரும். நாக்கு நுனியை மேல் பல்லின் பின்புறத்திலிருந்து அப்படியே பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். முதலில் ஈறு, மேடாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அந்த மேடு முடிந்ததும் ஒரு சரிவு, அதற்குப் பின் வழவழப்பான குழிவு. லகரமும் னகரமும் மேட்டில் பிறக்கின்றன. ட, ண, ள மூன்றும் சரிவைத் தாண்டியதும். அதற்கும் பின்னால் போக வேண்டியதில்லை. உள்நாக்கைத் தொடுகிற அளவுக்கு வளைத்துக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை.

இப்போது 'அண்…' என்று சொல்லி நிறுத்தாமல் இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே, நாக்கு நுனியை எடுக்காமல், ஓரங்களை மட்டும் தளர்த்த வேண்டும். 'அண்ண்ண்ள்ள்ள்' என்று மாறும். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ண் ஆக இருந்தால் ஒலி நின்றுவிடும், ள் ஆக இருந்தால் தடையில்லாமல் தொடரும். இது வந்தபின் 'கண்ணு, கள்ளு', 'வெண்ணெய், வெள்ளை' என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கலாம். இரண்டிலும் நுனி ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இரட்டித்த ள்ள முதலில், ஒற்றை ள பிறகு. பள்ளி, வெள்ளை, கொள்ளை இவற்றில் நாக்கு அந்த இடத்தில் உட்கார நேரம் இருக்கிறது. கிளி, புளி, ஒளி என்று வரும்போது போனதும் வந்ததும் தெரியாது.

எந்தச் சொல்லில் ல, எதில் ள என்று குழம்புகிறவர்களுக்கு மொழியே ஒரு துப்பு வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் பிறக்கும் ஒலிகள் தங்களுக்குள்தான் மாறிக்கொள்கின்றன. செல் 'சென்றேன்' ஆகிறது, நில் 'நின்றேன்', கல் 'கற்றேன்'. லகரம் போனால் அதே மேட்டில் பிறக்கும் ன, ற வருகின்றன. கொள் 'கொண்டேன்' ஆகிறது, கேள் 'கேட்டேன்', முள்ளும் செடியும் சேர்ந்து 'முட்செடி'. ளகரம் போனால் ண, ட. 'கேட்டேன்' தெரிந்தவருக்கு வேர்ச்சொல் 'கேள்' என்பதில் சந்தேகமே வராது. அதே கணக்கில் வாழ் 'வாழ்ந்தேன்', புகழ் 'புகழ்ந்தேன்'. ழகரம் யாருக்கும் இடம் கொடுக்காமல் தானே நிற்கிறது.

அறிகுறி: ழ சொன்னால் ள வருகிறது (பளம்)

இது ளகரம் நன்றாக வருகிறவர்களின் பிழை. அதாவது முக்கால் வேலை முடிந்துவிட்டது. நாக்கு சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் தொட்டுவிடுகிறது.

'அள்…' என்று இழுங்கள். குரல் தொடரட்டும். நாக்கின் நுனியை மட்டும், ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு, அண்ணத்திலிருந்து கீழே இறக்குங்கள். நாக்கை முன்னால் கொண்டுவரக் கூடாது, கீழே போடவும் கூடாது. அதே இடத்தில் சிறு இடைவெளி, அவ்வளவுதான். ஒலி 'ள்ள்ள்ழ்ழ்ழ்' என்று உள்ளே போனதுபோல் குகைத்தனமாக மாறும். அந்த நொடியில் நிறுத்தி மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். குளிர்ச்சி ஓரத்திலிருந்து நடுவுக்கு மாறியிருக்க வேண்டும்.

மாறவில்லை என்றால் நுனி இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவிலும் ஓரத்திலும் எல்லா இடத்திலும் குளிர்கிறது என்றால் நாக்கு மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டது, ஓரங்களைக் கடைவாய்ப் பற்களில் பதிய வைக்க வேண்டும். லக்னோக்காரருக்கு இரண்டாவதுதான் நடந்தது. நுனியை இறக்கச் சொன்னால் முழு நாக்கையும் இறக்கிவிடுவார். மேல் கடைவாய்ப் பற்களின் உள்விளிம்பை நாக்கின் ஓரத்தால் அழுத்திக்கொண்டு நுனியை மட்டும் மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன், குரல் இல்லாமல். கண்ணாடி முன்னால், கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தால் நாக்கின் அடிப்பகுதி, நரம்பு தெரிய, மேலே எழும்பி நிற்பது தெரியும். ஓரம் இருக்கும் இடத்தில் இருக்க, நுனி தனியாக அசையக் கற்றுக்கொண்டதும் 'அழ்' வந்துவிட்டது.

உயிர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. அகரத்துடன் தொடங்குங்கள்: பழம், மழை, கழுதை. அப்புறம் உகரம், ஒகரம்: உழவு, புழு, ஒழுங்கு. இகரமும் ஏகாரமும் கடைசியில்: கிழமை, ஏழு, தமிழ். இகரத்துக்கு நாக்கின் உடல் முன்னால் தள்ளி எழும்ப வேண்டும், ழகரத்துக்கோ நுனி பின்னால் வளைய வேண்டும். இரண்டும் எதிரெதிர் வேலை. 'தமிழ்' என்ற சொல்லிலேயே பயிற்சியைத் தொடங்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லோருக்கும் ஆசையான சொல்தான், ஆனால் படிக்கட்டின் மேல்படி அது.

கணினியில் Praat போன்ற ஒலி ஆய்வு மென்பொருள் வைத்திருப்பவர்கள் கண்ணாலும் பார்க்கலாம். ஒலிப்பதிவின் வரைபடத்தில் கிடைமட்டமாக ஓடும் கருப்புப் பட்டைகளில் கீழிருந்து மூன்றாவதைக் கவனியுங்கள். ழகரம் வரும்போது அது சரிந்து இரண்டாவது பட்டையை நோக்கி இறங்கும். ஆண் குரலில் 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவது வழக்கம். லகரத்தில் அந்தச் சரிவு இராது. காது இன்னும் முழுதாகத் தேறாதவர்களுக்கு வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய இது உதவும்.

அறிகுறி: ழ சொன்னால் ய வருகிறது (பயம்)

இங்கே நுனி எழும்பவே இல்லை. கீழ்ப் பற்களுக்குப் பின்னால் படுத்திருக்கிறது, நாக்கின் நடு உடல் மட்டும் மேலே எழும்புகிறது. மூச்சுச் சோதனையில் நடுவில்தான் குளிரும், அதனால் அதை நம்பி ஏமாற வேண்டாம். கண்ணாடியில் பாருங்கள்: நாக்கின் மேற்பகுதி தெரிந்தால் ய, அடிப்பகுதி தெரிந்தால் ழ. இவர்களுக்கு ளகரம் வருமானால் முந்தைய பகுதியில் சொன்ன வழியையே பின்பற்றலாம்.

அறிகுறி: ழ சொன்னால் டகரத் தட்டு வருகிறது

இந்தி பேசுகிறவர்களிடம் அதிகம் வரும் பிழை. 'பழம்' ஏறக்குறைய 'படம்' என்று கேட்கும். நம் காதுக்கு விசித்திரமாக இருந்தாலும் அவர்களுக்கு நியாயமான தேர்வுதான். அவர்கள் மொழியில் நாக்கை வளைத்துத் தட்டும் ஒலி ஒன்று உண்டு, 'லட்கா', 'சடக்' என்னும்போது டகரத்தில் வருவது. ழகரத்துக்குப் பக்கத்தில் அவர்களிடம் இருப்பது அதுதான்.

நீட்டல் சோதனை இதை உடனே காட்டிக்கொடுக்கும். "ழ் என்பதை மூன்று வினாடி இழுங்கள்" என்றால் இழுக்க வராது. தட்டும் பழக்கத்தை உடைக்க, சொல்லின் நடுவில் ழகரம் வரும் சொற்களைக் கொஞ்சநாள் ஒதுக்கிவையுங்கள். இறுதியில் ழ் வரும் சொற்களை மட்டும் இழுத்துச் சொல்லச் சொல்லுங்கள்: வாழ்ழ்ழ், ஆழ்ழ்ழ், கீழ்ழ்ழ், கூழ்ழ்ழ். பின்னால் உயிர் இல்லாததால் நாக்கு தட்டிவிட்டு ஓட இடமில்லை. அது நிலைத்தபின் 'கீழ்… கீழே', 'ஏழ்… ஏழு' என்று உயிரை மெதுவாக ஒட்டலாம்.

அறிகுறி: ழ சொன்னால் 'இஸ்' என்று சீறுகிறது

ஆங்கில எழுத்தில் zh என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்ததால் வரும் வினை. பழவந்தாங்கலும் கோழிக்கோடும் பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கின்றன, வெளியூர்க்காரர் என்ன செய்வார்? இது நாக்கின் குறை இல்லை. தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினால் பாதி போய்விடும். மீதிக்கு ஒரே விதி: ழகரத்தில் காற்று உரசும் சத்தம் துளியும் கேட்கக் கூடாது.

அறிகுறி: ழ அமெரிக்க ரகரம்போல் ஒலிக்கிறது

அமெரிக்காவிலும் கனடாவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது வரும். உண்மையில் இவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுடைய ஆங்கில ரகரம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மிச்சம் இருக்கும் பிழை உதட்டில். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு உதடு லேசாகக் குவியும், அதனால் 'பழம்' என்பதில் ஒரு வகரச் சாயல் ஏறும். ஒரு விரலை உதட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு 'ஈழம்', 'கீழே' என்று சொல்லச் சொல்லுங்கள். உதடு அசையக் கூடாது.

அறிகுறி: ர, ற இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன

கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான தமிழர்கள் பேச்சில் இவை ஒன்றாகத்தான் இருக்கின்றன. 'கரி', 'கறி' இரண்டையும் சென்னையிலோ மதுரையிலோ ஒருவரிடம் சொல்லச் சொல்லி, சீட்டுச் சோதனை நடத்திப் பாருங்கள். தமிழே தாய்மொழியானவர்களும் 10-க்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். வேறுபாட்டை இன்றும் பேச்சில் கேட்க வேண்டுமானால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களையோ யாழ்ப்பாணத்துக்காரர்களையோ கேட்க வேண்டும். மலையாளத்திலும் அது உயிரோடு இருக்கிறது.

வேறுபாடு இதுதான். ரகரத்தில் நுனி ஒரே ஒரு முறை, மென்மையாகத் தட்டும். றகரத்தில் ஈறு மேட்டில் விறைப்பாக நின்று அதிரும், இரண்டு மூன்று தட்டுகள் தொடர்ந்து விழும். 'மரம்' என்பதைச் சாதாரணமாகவும், 'மறம்' என்பதை நாக்கு உருள உருளவும் சொல்லிப் பழகலாம். மேடையில் பேசவும் செய்தி படிக்கவும் இது தேவை. அன்றாடப் பேச்சுக்கு இதில் நேரம் செலவழிப்பதைவிட ழகரத்துக்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

காது கைவிட்ட இடத்தில் எழுத்துக்கு வேறு வழி வேண்டும். ரகரமும் ழகரமும் தமிழில் இரட்டிப்பதே இல்லை, றகரம் இரட்டிக்கும். சொல்லின் உருவத்தை மாற்றிப் பாருங்கள். சோறு 'சோற்றில்' ஆகிறது, வயிறு 'வயிற்றில்', ஆறு 'ஆற்றில்', மாறு 'மாற்று', பெறு 'பெற்றேன்'. பேச்சிலும் 'சோத்துல', 'வயித்துல' என்று த்த கேட்கும். அது கேட்டால் மூலத்தில் இருப்பது ற. சேர், வளர், ஊர் எல்லாம் 'சேர்த்து', 'வளர்த்து', 'ஊரில்' என்று ரகரத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். இந்த உத்தி எல்லாச் சொல்லுக்கும் பலிக்காது. அரை, அறை போன்றவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி: 'காற்று', 'கன்று' படித்தால் யாருக்கும் புரியவில்லை

புத்தகத்தில் தமிழ் படித்தவர்கள் எழுத்துக் கூட்டி, 'காற்று' என்பதில் இரண்டு றகரத்தையும் உருட்டுவார்கள். ற்ற என்பது உருளும் ஒலி இல்லை. முதல் பாதி வெடிப்பொலி: நாக்கு ஈறு மேட்டில் ஒட்டி, காற்றை அடைத்து நிற்கும். தமிழ்நாட்டில் நிறுத்திப் படிக்கும்போது அந்த அடைப்பு ஒரு றகரத் தட்டோடு விடுபடும், ஏறக்குறைய 'காட்ரு' என்பதுபோல். ஆனால் நாக்கு டகரத்துக்கு வளைகிற அளவு வளையாது. 'ன்ற'வும் இதே மாதிரி, 'கன்ட்ரு' என்பதற்கு அருகில்.

யாழ்ப்பாணத்தில் தட்டு இல்லாமல் அடைப்பு மட்டும் கேட்கும், ஆங்கிலேயர் நாக்கு நுனியை ஈறு மேட்டில் வைத்துச் சொல்லும் டகரத்தைப்போல. அதனால்தான் ஈழத்தவர் ஆங்கிலச் சொற்களை எழுத ற, ர இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 'டொரன்டோ' என்று எழுதும் ஊர் அவர்கள் எழுத்தில் 'ரொறன்ரோ'. தமிழ்நாட்டுக்காரர் அதை எழுத்துப்படி உருட்டிப் படித்துவிட்டு முழிப்பார். ஈழத்துக் காதில் அந்த 'ன்ரோ' ஆங்கிலத்துக்கு நம் 'ன்டோ'வைவிட நெருக்கம்.

தமிழ்நாட்டுப் பேச்சில் இரண்டுமே மறைந்துவிடும். காற்று 'காத்து', நேற்று 'நேத்து', மூன்று 'மூணு', பன்றி 'பன்னி'. கடைத்தெருவில் 'காற்று' என்று திருத்தமாக உச்சரித்தால் செய்தி வாசிப்பவர்போல் இருக்கும். கற்பவர் இரண்டு வடிவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும், ஒன்றைப் படிக்க, ஒன்றைப் பேச.

அறிகுறி: எல்லாமே வளைந்துவிட்டது

ழ, ள வந்த சந்தோஷத்தில் 'நள்ளா இருக்கு', 'பழ்ழி' என்று ஆரம்பிப்பார்கள். 'பழ்ழி'யை ஒரே விதியில் நிறுத்தலாம்: மேலே சொன்னபடி ழகரம் இரட்டிக்காது. இரட்டித்து வந்தால் அது ல்ல அல்லது ள்ள. சொல்லின் முதலில் ள, ழ, ற மூன்றும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அறிகுறி: தனிச் சொல்லில் சரி, வாக்கியத்தில் சறுக்கல்

இதற்கு எல்லோரும் தரும் பயிற்சி, ஏழைக் கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்த கதை. கேட்க வேடிக்கையாக இருக்கும், பயன் குறைவு. அந்த வாக்கியத்தில் ழகரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நாக்கு வளைந்த இடத்திலேயே நின்றுகொண்டு முழு வாக்கியத்தையும் ஒப்பேற்றிவிடும். உண்மையான பேச்சில் சிக்கல் அதுவல்ல. ஈறு மேட்டிலிருந்து சரிவுக்கும், தொடுதலிலிருந்து தொடாமைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். 'மழைநாளில் மலை ஏறல', 'பழைய பள்ளியில பல்லி', 'வேலை இல்லாத வேளையில வாழை வாங்கினோம்' என்று கலந்து கொடுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஊர்ப் பெயர்களே போதும். லக்னோக்காரருக்கு நான் கொடுத்த பட்டியல் அவர் தினமும் கடக்கும் இடங்கள்தான்: பல்லாவரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி, கேளம்பாக்கம், கீழ்ப்பாக்கம், திருவல்லிக்கேணி. தாம்பரம் போகும் மின்ரயிலில் பரங்கிமலையில் ல, அடுத்த நிலையம் பழவந்தாங்கலில் ழவும் லவும், பல்லாவரத்தில் ல்ல. ரயில் நிலையத்துக்கு நிலையம் போகும் நேரம் ஒவ்வொரு பெயரையும் மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்க்கப் போதும். கடைசியாகச் சோழிங்கநல்லூர். அதில் ழ, ல்ல, ர் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் 'சோழிங்க' தனி, 'நல்லூர்' தனி. நடுவில் சின்ன நிறுத்தம் விட்டு, பிறகு அந்த நிறுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சேர்த்துச் சொல்லும்போது 'நள்ளூர்' என்று வந்தால் நாக்கு ழகரத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை, நிறுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். 'சோலிங்க' என்று வந்தால் லகரத்துக்கு முன்கூட்டியே ஓடுகிறது, 'சோழ்' என்பதை இழுத்துவிட்டுத் தொடருங்கள்.